பச்சைத் திரை இல்லாத பின்னணியில் முடி ஓரம் மினுக்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

வீடியோ அழைப்பில் பின்னணியை மாற்றும்போது தோளும் கையும் பெரும்பாலும் ஒழுங்காகவே வெட்டப்படும். தொல்லை எல்லாம் தலைமுடியில்தான். காதோரம் பழைய சுவர் எட்டிப் பார்க்கும், உச்சந்தலையில் ஒரு துண்டு மறைந்து மறைந்து வரும், முடியைச் சுற்றி ஒரு வெளிர்க்கோடு கொதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். உடனே எல்லோரும் மென்பொருளின் ஸ்லைடர்களை இழுக்கத் தொடங்குவார்கள். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் அங்கே தீருவதில்லை. அவை வெளிச்சத்திலும் கேமராவின் தானியங்கி அமைப்புகளிலும் இருக்கின்றன. அதனால் அறிகுறியைச் சரியாகப் பார்ப்பதுதான் முதல் வேலை.

## முதலில், பின்னணி சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா?

ஜூமில் அமைப்புகளுக்குள் `Background & effects` என்ற பகுதியில் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பெயர் கொஞ்சம் மாறும். அதே இடத்தில் `I have a green screen` என்று ஒரு கட்டம் இருக்கும். உங்களுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரே நிறத் துணி இல்லையென்றால் அதில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் மென்பொருள் ஆளைத் தேடாது, ஒரு நிறத்தைத் தேடும். சுவரின் நிறத்துக்கு நெருக்கமான சட்டை, நெற்றியில் விழும் ஒளி என்று எது அந்த நிறத்தில் இருந்தாலும் அங்கே ஓட்டை விழும். முகத்தின் நடுவிலேயே பின்னணிப் படம் தெரிகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

கேமரா படத்தை மாற்றி அழைப்புக்கு அனுப்ப உதவும் ஓபிஎஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர் `Background Removal` என்ற செருகுநிரலை நிறுவியிருப்பார்கள். கேமரா மூலத்தை வலது சொடுக்கி, `Filters` திறந்து, `Effect Filters` பகுதியில் அதைச் சேர்க்க வேண்டும். பின்னணிப் படம் மூலங்களின் பட்டியலில் கேமராவுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு `Start Virtual Camera` அழுத்தி, அழைப்பு மென்பொருளில் கேமராவாக `OBS Virtual Camera` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். ஓபிஎஸ்ஸில் ஒரு முறை வெட்டிய படத்தை, அழைப்பு மென்பொருளும் தன் பங்குக்கு இன்னொரு முறை வெட்டும். இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழாது. முடி ஓரம் இரட்டைக்கோடாகத் தெரிந்தால் அழைப்பு மென்பொருளில் பின்னணியை `None` ஆக்கிவிடுங்கள்.

இது வரை சரியென்றால் இனி முடிக்கு வருவோம்.

## முடி ஓரத்தில் என்னதான் நடக்கிறது

பச்சைத் திரை இல்லாதபோது, ஒவ்வொரு பிரேமிலும் மென்பொருள் ஒரு மாஸ்க் வரைகிறது. இந்தப் புள்ளி ஆள், இந்தப் புள்ளி பின்னணி என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம் அது. வேகத்துக்காக இந்தப் படம் மிகச் சிறியதாகவே கணக்கிடப்படும். இதை வரைவது, ஆளை அடையாளம் காணப் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரி. கூகுளின் மீடியாபைப் செல்ஃபி செக்மென்டேஷனில் அகலப் படத்துக்கான மாதிரி 256 × 144 புள்ளிகளில் வேலை செய்கிறது. உங்கள் கேமரா தருவதோ 1280 × 720. அப்படியென்றால் மாஸ்க்கின் ஒரு புள்ளி, படத்தில் ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 புள்ளிகளுக்கு முடிவு சொல்கிறது. ஒரு மயிரிழையோ ஒன்றிரண்டு புள்ளி அகலம்தான் இருக்கும். இழை இழையாக முடியை வெட்டுவது இந்த அளவில் நடக்காத காரியம். கிடைப்பது முடியின் மொத்த வடிவம் மட்டுமே.

அது பரவாயில்லை. வடிவம் அசையாமல் நின்றால் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தாது. மினுக்கம் வருவது வேறு காரணத்தால். முடி ஓரத்தில் மாதிரிக்கு எப்போதும் அரைகுறை நம்பிக்கைதான். ஒரு புள்ளி ஆளாக இருக்க 0.52 வாய்ப்பு என்று இந்தப் பிரேமில் சொல்லும். அடுத்த பிரேமில் அதே இடத்தில் கொஞ்சம் இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகள், கூடினால் 0.48 என்று சொல்லும். எல்லை 0.5 என்றால் அந்த இடம் வரும், போகும், மறுபடி வரும். நொடிக்கு 30 பிரேம் ஓடும்போது அதுதான் கொதிப்பாகத் தெரிகிறது. எனவே நம் வேலை இரண்டு: மாதிரிக்குச் சந்தேகம் வராதபடி முடியையும் சுவரையும் பிரித்துக் காட்டுவது, பிரேமுக்குப் பிரேம் படம் மாறாமல் பார்த்துக்கொள்வது.

## பத்து நொடிச் சோதனை

எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பின்னணியைப் போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி பத்து நொடி அசையாமல் இருந்து அதைப் பதிவு செய்யுங்கள். பிறகு தலையை மெதுவாக இடதும் வலதுமாகத் திருப்புங்கள். அதன்பின் ஒரு வெள்ளைத்தாளை முகத்துக்கு முன் கொண்டுவந்து எடுங்கள். பதிவைப் போட்டுப் பார்த்தால் எந்த நேரத்தில் ஓரம் கெடுகிறது என்பது தெரிந்துவிடும். கீழே உள்ள ஒவ்வொரு பகுதியும் இந்த மூன்றில் ஒன்றிலோ அதற்கு வெளியிலோ தோன்றும் அறிகுறி.

## அசையாமல் இருந்தாலும் முடி ஓரம் கொதிக்கிறது

இதுதான் மிகவும் பொதுவானது, பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. பின்னணி விளைவை அணைத்துவிட்டு கேமராவின் வெறும் படத்தை முழுத்திரையில் வைத்துத் தலைமுடியை மட்டும் உற்றுப் பாருங்கள். கறுப்பு முடியின் மேல் மணல் தூவியதுபோலச் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் ஊர்ந்தால், அந்த மணல்தான் மாஸ்க்கை ஆட்டுகிறது. வெளிச்சம் போதாதபோது கேமரா சமிக்ஞையைப் பெருக்குகிறது. படத்தோடு இரைச்சலும் பெருகுகிறது.

இதற்கு ஒரே மருந்து முன்னாலிருந்து வெளிச்சம். திரைக்குச் சற்றுப் பக்கவாட்டில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விளக்கை வைத்து அதன் முன் மெல்லிய வெள்ளைத் துணியோ தாளோ போல ஏதாவது ஒளியைப் பரப்பும்படி வைக்கலாம். விளக்கு சூடாகும் வகை என்றால் தாளை ஒட்டி வைக்காதீர்கள். விளக்கை எதிர்ச்சுவரை நோக்கித் திருப்பி, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. மணல் அடங்கும் வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அளவுகோல் முகம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதல்ல, முடியில் மணல் நின்றதா என்பதுதான்.

வெளிச்சம் போதுமென்றாலும் கொதிப்பு தொடர்ந்தால் முடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு முடிக்குப் பின்னால் கறுப்பு நாற்காலித் தலைசாய்வோ இருண்ட அலமாரியோ இருந்தால் எங்கே முடி முடிகிறது என்று மனிதக் கண்ணுக்கே தெரியாது. மாதிரிக்கு எப்படித் தெரியும்? கறுப்பு முடிக்கு வெளிர்ச்சுவர் வேண்டும், நரைத்த முடிக்குச் சற்று அழுத்தமான சுவர் வேண்டும். சுவரை ஒட்டி உட்காராதீர்கள். ஒரு மீட்டராவது முன்னே வந்தால் தலையின் நிழல் சுவரில் விழாது. ஒட்டி உட்காரும்போது அந்த நிழலையும் முடி என்று எண்ணி மாஸ்க் அதைச் சேர்த்துக்கொள்ளும்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதும் இதே வகைதான், விளைவு மட்டும் வேறு. பின்னால் வரும் பேரொளி மெல்லிய இழைகளை விழுங்கிவிடும். முடி ஓரம் வெள்ளையில் கரைந்து, அதில் எதைப் பிடிப்பதென்று மாஸ்க் தடுமாறும். ஜன்னல் உங்கள் முகத்துக்கு நேராகவோ பக்கவாட்டிலோ இருக்கட்டும்.

## ஓரம் மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்குகிறது

கொதிப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கொதிப்பு வேகமானது, புள்ளி புள்ளியாக நடக்கும். இது மெதுவாக, முடியைச் சுற்றி மொத்த ஓரமும் ஒரே நேரத்தில் நகரும். வெள்ளைத்தாள் சோதனையில் இது அப்பட்டமாகத் தெரியும். தாள் வந்ததும் படம் இருளும், முடி தடிக்கும் அல்லது மெலியும், தாள் போனதும் இரண்டு நொடி கழித்துப் பழைய நிலைக்கு வரும். ஒவ்வொரு பிரேமுக்கும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குவது என்று தானாகவே மாற்றிக்கொள்ளும் கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷர் செய்யும் வேலை இது. நீங்கள் கையை அசைத்தாலும், திரையில் வெள்ளைப் பக்கம் திறந்தாலும் இது நடந்துகொண்டே இருக்கும்.

விண்டோஸில் ஓபிஎஸ் வைத்திருப்போர் கேமரா மூலத்தின் பண்புகளில் `Configure Video` என்ற பொத்தானை அழுத்தினால் கேமராவின் சொந்த அமைப்புப் பெட்டி திறக்கும். அதில் `Camera Control` தாவலில் `Exposure` எதிரே உள்ள `Auto` டிக்கை எடுத்துவிடுங்கள். அங்கே வரும் எண்கள் எதிர்மறையாக இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்கு: -5 என்றால் நொடியில் 32-ல் ஒரு பங்கு, -6 என்றால் 64-ல் ஒரு பங்கு, -7 என்றால் 128-ல் ஒரு பங்கு. -6 நல்ல தொடக்கம். படம் இருட்டாக இருந்தால் -5-க்குப் போவதைவிட விளக்கைக் கூட்டுவதே மேல். `Low Light Compensation` என்ற டிக் இருந்தால் அதையும் எடுங்கள். இருட்டில் பிரேம் வேகத்தை 30-லிருந்து 15-க்கு இறக்கும் அமைப்பு அது. பக்கத்துத் தாவலில் `White Balance`-ஐயும் தானியங்கியிலிருந்து விடுவித்தால் நிறமும் நிலைக்கும்.

லினக்ஸில் இதையே கட்டளையாகச் செய்யலாம்:

```
v4l2-ctl -d /dev/video0 --list-ctrls
v4l2-ctl -d /dev/video0 --set-ctrl=auto_exposure=1
v4l2-ctl -d /dev/video0 --set-ctrl=exposure_time_absolute=200
v4l2-ctl -d /dev/video0 --set-ctrl=white_balance_automatic=0
```

முதல் கட்டளை உங்கள் கேமராவில் என்னென்ன பெயர்கள் உண்டு என்று காட்டும். பழைய கெர்னலில் `exposure_auto`, `exposure_absolute` என்று இருக்கும். இங்கே `1` என்பது கைமுறை. `200` என்பது நொடியின் பத்தாயிரத்தில் 200 பங்கு, அதாவது 50-ல் ஒரு பங்கு.

இந்த 50 என்ற எண்ணை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். எக்ஸ்போஷர் நேரம் அந்தத் துடிப்பின் முழு மடங்காக இருந்தால் ஒவ்வொரு வரியும் சம ஒளி பெறும். இல்லையென்றால் படத்தில் மெல்லிய இருள்பட்டைகள் மேலும் கீழுமாக ஊரும். பட்டை முடியைக் கடக்கும்போதெல்லாம் ஓரம் ஆடும். 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 60-ல் ஒரு பங்கு, அதாவது `167` வைக்கலாம். விண்டோஸ் பெட்டியில் இரண்டின் அடுக்குகள் மட்டுமே கிடைப்பதால் 64-ல் ஒரு பங்கு 60 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ ஒத்துப்போகும், 50 ஹெர்ட்ஸுக்கு ஒத்துப்போகாது. 50 ஹெர்ட்ஸ் இடத்தில் -6 வைத்தபின் பட்டை ஊர்வதைக் கண்டால் இரண்டு வழி. துடிக்காத விளக்குக்கு மாறுங்கள், பகலில் ஜன்னல் ஒளியே போதும். அது முடியாவிட்டால் எக்ஸ்போஷரைத் தானியங்கியிலேயே விட்டு, `PowerLine Frequency` என்பதில் `50 Hz` தேர்ந்தெடுங்கள், வெளிச்சத்தை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

## தலையைத் திருப்பும்போது மட்டும் பழைய சுவர் தெரிகிறது

அசையாமல் இருந்தபோது ஓரம் சுத்தம், திரும்பியதும் கெடுகிறது. பதிவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு பிரேமாகப் பாருங்கள். நீங்கள் இடப்பக்கம் திரும்பும்போது வலக்காதுக்கு வெளியே பிறைபோலச் சுவர் தெரிந்து, அதே பிரேமில் இடக்காதின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் மாஸ்க் பிந்துகிறது என்று அர்த்தம். முந்தைய பிரேமுக்கு வரைந்த மாஸ்க் இந்தப் பிரேமின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த ஜோடி அடையாளம் வேறு எதிலும் வராது.

காரணம் பெரும்பாலும் கணினியின் சுமை. ஓபிஎஸ் செருகுநிரலில் `Calculate mask every X frame` என்பது 1-க்கு மேல் இருந்தால் 1 ஆக்குங்கள். கேமராவை 1920 × 1080-லிருந்து 1280 × 720-க்கு இறக்குங்கள். மாஸ்க் 256 × 144-ல்தான் கணக்கிடப்படுகிறது என்றால் பெரிய படத்தால் ஓரம் கூர்மையாகிவிடாது, சுமைதான் கூடும். மடிக்கணினி என்றால் மின்இணைப்பைச் செருகியே வையுங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்து பிறகு பிந்தத் தொடங்குகிறது என்றால் அது சூடு. கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, மாஸ்க் பின்தங்குகிறது.

திரும்பும்போது இரு பக்கமும் ஒரேபோலக் குழைந்து, பிறை வடிவமில்லாமல் பனிபோலத் தெரிந்தால் அது பிந்துதல் அல்ல. எக்ஸ்போஷர் நேரம் நீண்டதால் முடியே அந்தப் பிரேமில் கலங்கியிருக்கிறது. மேலே சொன்ன எக்ஸ்போஷர் பகுதிக்கே போக வேண்டும்.

## முடியைச் சுற்றி அசையாத வெளிர்க்கோடு

இது மினுக்குவதில்லை, நிற்கிறது. ஆனால் மினுக்கத்தைச் சரிசெய்து முடித்தவர்கள் அடுத்து வருத்தப்படுவது இதைப் பார்த்துத்தான். எந்த ஸ்லைடரும் இதை முழுதாகப் போக்காது என்பதால் காரணத்தைச் சொல்கிறேன்.

முடியின் எல்லையில் உள்ள ஒரு புள்ளி முழு முடியும் அல்ல, முழுச் சுவரும் அல்ல. பாதி கறுப்பு, பாதி வெள்ளைச் சுவர், கலந்து சாம்பல். மாஸ்க் அந்தப் புள்ளியை ஆள் என்று எடுத்துக்கொண்டால் அதில் கலந்த சுவரின் வெள்ளையும் கூடவே வரும். கறுநீல இரவுப் படத்தைப் பின்னணியாக வைத்தால் அந்தச் சாம்பல் புள்ளிகள் தலையைச் சுற்றி ஒளிவட்டம்போல மின்னும். வெளிர்நிற அறைப் படத்தை வைத்தால் அதே புள்ளிகள் கண்ணுக்கே தெரியாது.

எனவே பின்னணிப் படத்தைச் சுவருக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். முடிக்குப் பின்னால் வரும் பகுதியில் படத்தின் வெளிச்சமும் நிறமும் உண்மைச் சுவருக்கு நெருக்கமாக இருக்கட்டும். முடிக்குப் பின்னால் கூர்மையான கோடுகள், கம்பிகள், எழுத்துகள் இல்லாத படமாக இருந்தால் இன்னும் நல்லது. கோடு முடி ஓரத்தில் வளைந்து முறியும்போதுதான் வெட்டு காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் கலங்கிய படத்தில் எல்லாக் குறையும் அடங்கிவிடும்.

கேமராவின் `Sharpness` அளவையும் ஒரு முறை பாருங்கள். அதிகமாக இருந்தால் கேமராவே கறுப்பு முடியைச் சுற்றி ஒரு வெள்ளைக்கோடு வரைந்து அனுப்பும். பாதிக்குக் கீழே இறக்கினால் வெட்டு மென்மையாகும்.

## முடியில் ஒரு கொத்து அல்லது ஹெட்போன் வந்து வந்து மறைகிறது

மாதிரிக்கு இது ஆளின் பகுதிதானா என்று தெரியவில்லை. உயரமான கொண்டை, விரிந்த சுருள்முடி, தலைக்கு மேல் வளையும் ஹெட்போன் ஆகியவற்றில் இது அதிகம். நாற்காலியின் தலைசாய்வு முடியோடு சேர்ந்து தெரிவதும் இதே குழப்பம்தான், அதை இறக்கிவிட்டாலே சில நேரம் தீர்ந்துவிடும்.

ஓபிஎஸ்ஸில் இங்கேதான் மாதிரியை மாற்றுவது பலன் தரும். `Robust Video Matting` 2021-ல் வெளியான மாதிரி. மற்றவை ஒவ்வொரு பிரேமையும் புதிதாகப் பார்க்கின்றன. இது முந்தைய பிரேம்களின் நினைவை எடுத்துவந்து அடுத்ததைத் தீர்மானிக்கிறது. ஆள், பின்னணி என்று இரண்டாகப் பிரிக்காமல் பாதி ஒளிபுகும் ஓரத்தையும் தருகிறது. அதைப் பயன்படுத்தும்போது `Enable threshold` டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது அரும்பாடுபட்டுத் தரும் மென்மையான ஓரத்தை நீங்களே மறுபடி கத்தரித்துவிடுவீர்கள். இதற்குக் கணினியின் வலு நிறைய வேண்டும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லையென்றால் மாஸ்க் பிந்துவதில் போய் முடியலாம். திருப்பும் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள்.

வேறு மாதிரிகளோடு இருப்போர் `Feather blend silhouette`, `Temporal smooth factor` இரண்டையும் தொடலாம். முதலாவது ஓரத்தை மென்மையாகக் கலக்கும், இரண்டாவது பிரேமுக்குப் பிரேம் வரும் மாற்றத்தைத் தணிக்கும். கொஞ்சம் ஃபெதர் வைத்தால் ஐந்து புள்ளிப் படிக்கட்டு மறையும், அதிகம் வைத்தால் தலையைச் சுற்றிச் சுவர் மூட்டமாகத் தெரியும். டெம்போரல் ஸ்லைடரை நகர்த்தும்போது தலையை ஆட்டிக்கொண்டே பாருங்கள். எந்தப் பக்கம் தள்ளினால் கொதிப்பு அடங்கி, ஆனால் திரும்பும்போது முடியின் நிழல் வால்போல இழுபடுகிறதோ, அந்தப் பக்கம்தான் மென்மையாக்கும் பக்கம். வால் தோன்றிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னே வந்து நிறுத்துங்கள்.

## ஒரு வீட்டில் நடந்தது

என் சித்தி மாலை நேரத்தில் இணையத்தில் கணக்கு வகுப்பு எடுக்கிறார். தோள் வரை விரியும் சுருள்முடி. "பசங்க கணக்கைப் பாக்கிறதை விட்டுட்டு என் தலையைத்தான் பாக்கிறாங்கடா" என்று அழைத்தார். நான் போனபோது அவர் ஏற்கெனவே பின்னணிப் படத்தை ஏழெட்டு முறை மாற்றியிருந்தார். அப்போதிருந்தது இரவு வானம்.

பத்து நொடிச் சோதனையில் அசையாமலே கொதித்தது. வெறும் படத்தைப் பார்த்தோம். முடியில் மணல், பின்னால் அடர்பழுப்பு அலமாரி, மேலே கூரை விளக்கு ஒன்றே. அந்த விளக்கு உச்சந்தலையை வெளிறச் செய்து, காதோரச் சுருள்களை இருட்டில் விட்டிருந்தது. கொதிப்பு முழுக்க அந்தச் சுருள்களில்தான் இருந்தது.

"சித்தி, மேசையைத் திருப்பிப் போடலாமா?" என்றேன். எதிர்ப்பக்கம் வெறும் வெளிர்மஞ்சள் சுவர். மேசையைத் திருப்பி, சுவருக்கு ஒன்றரை மீட்டர் முன்னே அவரை உட்காரவைத்தோம். மேசைவிளக்கை மடிக்கணினிக்குப் பின்னால் இருந்த சுவரை நோக்கித் திருப்பினோம். அதன் ஒளி சுவரில் பட்டு அவர் முகத்துக்கும் இரு பக்கச் சுருள்களுக்கும் சமமாக வந்தது. எந்த அமைப்பையும் தொடாமலே கொதிப்பில் பெரும்பகுதி நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது மூச்சுவிடும் அசைவு. அவர் வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டும்போதெல்லாம் முடி தடித்தது. எக்ஸ்போஷரை -6-ல் நிறுத்தினேன். உடனே மெல்லிய பட்டைகள் ஊர ஆரம்பித்தன. கூரை விளக்கை அணைத்தேன், பட்டை போய்விட்டது. மேசைவிளக்கு துடிக்காத வகை. ஆனால் படம் இருண்டது. மேசைவிளக்கையே சுவருக்கு அருகில் நகர்த்தி ஈடுகட்டினோம்.

கடைசியில் இரவு வானத்தால் வந்த ஒளிவட்டம். அதற்குப் பதில் மஞ்சள் கலந்த வெள்ளைச்சுவரும் ஓரத்தில் ஒரு செடியும் உள்ள படத்தை வைத்தோம். செடி அவர் தலைக்குப் பின்னால் வராதபடி அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். தனித்து நிற்கும் சில சுருள்கள் வெட்டுப்பட்டுத்தான் இருந்தன. ஆனால் அவை ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு நின்றன. அடுத்த வகுப்பு முடிந்ததும், "இன்னைக்கு ஒருத்தனும் தலையைப் பத்திப் பேசலை" என்று சொன்னார்.

## இவ்வளவு செய்தும் நிற்கவில்லையென்றால்

அறையை மாற்ற முடியாது, கணினியும் பழையது, முடியோ நன்றாக விரிந்தது என்றால் படத்தை விட்டுவிட்டுப் பின்னணியைக் கலங்கச் செய்யுங்கள். ஜூம், மீட், டீம்ஸ் மூன்றிலும் அந்த வசதி உண்டு, ஓபிஎஸ் செருகுநிரலிலும் உண்டு. மாஸ்க் அதேதான், அதன் தவறுகளும் அதேதான். ஆனால் முடி ஓரத்தில் கலந்திருக்கும் சுவரின் நிறமும், பின்னால் கலங்கித் தெரியும் சுவரின் நிறமும் ஒன்றே. மாஸ்க் ஐந்து புள்ளி தள்ளி வெட்டினாலும் அங்கே தெரிவது அதே சுவர்தான்.